சுவருக்குள் போன தண்ணீர்

பதின்மூன்று மதிப்பெண். ஒரு பெண்ணின் வேலையைக் கெடுக்க எனக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

என் பெயர் அபுதாஹிர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருக்கும் பொறியியல் கல்லூரி ஒன்றில், மெக்கானிக்கல் துறையில், பதினோரு வருடமாக உதவிப் பேராசிரியர். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. அதாவது நாங்களே வினாத்தாள் போடுவோம், நாங்களே திருத்துவோம், தப்பு நடந்தால் நாங்களே மூடியும் வைப்போம்.

கடைசி செமஸ்டருக்கு நான் எடுத்தது உயர்நிலை ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். அதில் இமேஜ் முறை என்று ஒன்று உண்டு. ஒரு சோர்ஸ், அதாவது எல்லாப் பக்கமும் சமமாகத் தண்ணீர் விடும் ஒரு புள்ளி, திடமான சுவருக்கு அருகில் இருக்கிறது. தண்ணீருக்குப் பிசுபிசுப்பே இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். அது சுவரோரமாக வழுக்கிக்கொண்டு ஓடலாம், சுவருக்குள் மட்டும் போகக் கூடாது. இந்தக் கணக்கை நேராகப் போடுவது பெரிய தலைவலி. அதனால் சுவரையே எடுத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம், அதே தூரத்தில், அதே பலத்தில், கண்ணாடிப் பிம்பம் போல, இன்னொரு சோர்ஸை வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் இமேஜ். இரண்டும் எதிரெதிராகத் தள்ளும்போது நடுக்கோட்டில் குறுக்கே போகும் வேகம் அடிபட்டுப்போகும். கோட்டோடு போகும் வேகம் மட்டும் மிஞ்சும். சுவர் இல்லாமலே சுவர் வந்துவிடும்.

சுழலுக்கு, வொர்டெக்ஸுக்கு, கதை வேறு. அந்தப் பக்கம் வைப்பது எதிர்ச்சுற்றுச் சுழலாக இருக்க வேண்டும். அன்றைக்கு முழு வகுப்பும் வொர்டெக்ஸ்தான் நடத்தினேன். மணி அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது சோர்ஸ் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. பாடத்தை முடித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுத வேண்டுமே. "இதுக்கும் அதே மாதிரிதான். எதிர்க்குறி. சோர்ஸுக்கு இமேஜ் சிங்க்" என்று போர்டில் எழுதினேன். சிங்க் என்றால் தண்ணீரை உறிஞ்சும் புள்ளி. ஐம்பத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது பெஞ்சில் செல்லக்கனி எழுந்து நின்றாள். வன்னியம்பட்டிப் பெண். அம்மா பேண்டேஜ் துணி தறிக்குப் போகிறவள். "சார், சிங்க் வச்சா அது தண்ணிய இழுக்குமே. அப்பொ தண்ணி சுவத்துக்குள்ள போயிருமே சார்?" என்றாள்.

மணி அடித்தது. "பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டு டஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் 'பொறவு' வரவே இல்லை.

தேர்வு வினாத்தாளை நானே போட்டேன். பதினைந்து மதிப்பெண்ணுக்கு அதே கேள்வி. விடைக்குறிப்பையும், அதாவது கீயையும், நானே எழுதினேன், என் நோட்ஸைப் பார்த்து. திருத்தும் அறையில் ஒரு வேளைக்கு முப்பது விடைத்தாள். எல்லாரும் சிங்க் எழுதியிருந்தார்கள், எல்லாருக்கும் வாரிப் போட்டேன். ஒரு தாளில் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் சோர்ஸ் என்று இருந்தது. மேலே படிக்கவில்லை. படத்துக்கு இரண்டு போட்டுவிட்டு, ஒன்றரைப் பக்கத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மொத்தம் நாற்பத்தொன்று. தேறுவதற்கு நாற்பத்தைந்து வேண்டும்.

செல்லக்கனிக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஜூலையில் சேரவேண்டும். அரியர் எதுவும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஜூன் இரண்டாம் வாரம் விடைத்தாளின் நகலோடு என் மேஜை முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா வெள்ளைத்தாய், காலில் செருப்பில்லாமல். வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள். கோயிலுக்குள் வருவதாக நினைத்துவிட்டாள் போல.

தாளை வாங்கிப் படித்தேன். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அடியில் எல்லாமே இருந்தது. சோர்ஸுக்கு நேர் எதிரே சுவரில் வேகம் பூஜ்யம். அங்கிருந்து நகர நகர வேகம் கூடுகிறது. சோர்ஸ் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு தூரம் சுவரோடு நகர்ந்த இடத்தில் உச்சம். அதைத் தாண்டினால் மறுபடியும் குறைகிறது. வேகம் உள்ள இடமெல்லாம் அழுத்தம் குறைவு. அதனால் சோர்ஸ் சுவரைத் தள்ளாது, தன் பக்கம் இழுக்கும் என்று முடித்திருந்தாள். தண்ணீர் விடுகிற பொருள் சுவரைத் தள்ளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இழுக்கும் என்று துணிந்து எழுத, கணக்கை நம்புகிற மனசு வேண்டும். என் பதினோரு வருடத்தில் அந்தக் கடைசி வரியை எழுதிய மாணவர் வேறு யாரும் இல்லை.

தப்பு யாருடையது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"சார், நான் எழுதுனது தப்பா?" என்று கேட்டாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இரும்மா, வாரேன்" என்று அவர்களை உட்காரவைத்துவிட்டுத் துறைத்தலைவர் வைகுண்டராஜ் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே நாங்கள் அவரைக் காப்பாற்றி வருகிறோம். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். தாளையும் பார்த்தார்.

"பிள்ள சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார்.

"ஆமா சார். கீயத் திருத்தணும்."

"திருத்துனா?"

"அவ பாஸ், சார்."

"மத்தவன்? சிங்க் எழுதுன அம்புட்டுப் பேருக்கும் பதினஞ்சு பதினஞ்சா குறைக்கணும். எத்தன பேரு விழுவான்?"

மதிப்பெண் பட்டியலை எடுத்து அங்கேயே எண்ணினேன். "இருபத்தி மூணு."

"இருபத்தி மூணு பேரு வீட்டுலயும் வந்து வாசல்ல நிப்பான். நோட்ஸ் குடுத்தது யாருன்னு கேப்பான். அடுத்த மாசம் ஒம்ம புரமோஷன் இன்டர்வியூ. யோசிச்சுக்கிடும் தாஹிரு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "ரீவேல்யுவேஷனுக்குப் போடச் சொல்லும். முறைப்படி நடக்கட்டும்."

முறை என்னவென்றால், மறுமதிப்பீடு செய்கிறவருக்கும் அதே கீயைத்தான் கொடுப்போம். அது துறைத்தலைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யாருக்கும் குறைக்காமல் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்திருக்கலாம். கீயில் பிழை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எழுதக்கூடச் செய்தேன். அந்தத் தாள் என் பையிலேயே ஒரு மாதம் இருந்தது. பயந்தாங்கொள்ளி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திரும்பி வந்தபோது வெள்ளைத்தாய் எழுந்துகொண்டாள். "சார், பிள்ள எங்கன தப்புப் பண்ணிருச்சுன்னு மட்டும் சொல்லிருங்க. அடுத்த தடவ திருத்திக்கிடும். வீட்டுல படிச்சவுக யாரும் இல்ல சார், கேட்டுச் சொல்ல."

செல்லக்கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையைப் பார்த்தபடி சொன்னேன்: "கீயில உள்ளபடி எழுதணும்மா. வகுப்புல சொன்னத அப்படியே எழுதச் சொல்லுங்க."

"சரிங்க சார்" என்றாள் வெள்ளைத்தாய். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். செல்லக்கனி கும்பிடவில்லை. தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுமதிப்பீட்டில் 'மாற்றமில்லை' என்று வந்தது. ஜூலையில் பம்ப் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் எனக்குப் புரமோஷன் ஆர்டர் வந்தது. வீட்டில் என் மனைவி பர்வீன் கேசரி கிண்டினாள். எனக்கு இறங்கவில்லை. என்ன என்று கேட்டவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பிள்ளட்ட சொல்ல வேண்டியத எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பரில் அரியர் தேர்வு. வினாத்தாளைக் கேட்டு வாங்கி நானே போட்டேன். பதினைந்து மதிப்பெண்ணுக்கு அதே கேள்வி, ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. கீயில் இந்தத் தடவை சரியாக எழுதினேன்: இமேஜ், அதே பலமுள்ள சோர்ஸ். வைகுண்டராஜ் சார் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். யாருக்கும் தெரியாமல் நியாயம் செய்யப்போகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. திருட்டுத்தனமாகச் செய்யும் நியாயத்துக்கும் பெருமை!

எழுதியவர்கள் ஏழு பேர். தாளில் பெயர் இருக்காது, ஆனால் அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். ஆசையாகப் பிரித்தேன்.

இமேஜ், எதிர்ப் பலமுள்ள சிங்க் என்று எழுதியிருந்தாள்.

என் நோட்ஸில் உள்ளபடி, வரிக்கு வரி. படத்தில் தண்ணீர்க் கோடுகள் சோர்ஸிலிருந்து கிளம்பிச் சுவரைச் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துச் சிங்கில் போய் விழுந்தன. அழகாக, ஸ்கேல் வைத்துப் போட்ட சுவர். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில் பென்சில் தடம் இருந்தது. முதலில் கோடுகளைச் சுவரோரமாகத் திருப்பி, சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். பிறகு ரப்பரால் அழித்திருக்கிறாள். தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருந்தது.

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினேன். முப்பத்தேழு. என் சரியான கீயின்படி திருத்தினால் மறுபடியும் பெயில்.

கீயை எடுத்தேன். சோர்ஸ் என்பதை அடித்துவிட்டுச் சிங்க் என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஜூன் மாதம் முழுக்க வராத துணிச்சல் இதற்கு மட்டும் வந்தது. அவளுக்குப் பதினைந்துக்குப் பதினைந்து. மொத்தம் ஐம்பத்திரண்டு.

ஜனவரியில் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவதாகச் சொன்னாள். அலுவலக வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"தண்ணி சுவத்துக்குள்ள போகும்னு எழுதுனேன் சார்" என்றாள். "பாஸ் போட்டுட்டீங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இப்பொ ஜூனியருக்கு எதச் சொல்லிக் குடுக்கீக சார்? சோர்ஸா, சிங்க்கா?"

"சோர்ஸ்தாம்மா. சரியாத்தான் சொல்லிக் குடுக்கேன்."

சான்றிதழை உறைக்குள் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பாத்து சார். பாவம், எல்லாரும் பெயிலாயிரப் போறாக."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.