ஒரே உறையில் இரண்டு அட்டைகள்

எட்டு வாரத்து மருந்தை ஒன்பதாம் நாள் யாரும் மறுபடி கேட்டு வருவதில்லை. அதனால்தான் வேன்காரர் காலி அட்டையைக் கவுண்டரில் வைத்ததும் மருந்துக்கடைக்காரி விரல்விட்டு நாட்களை எண்ணினாள்.

"இதே கேப்ஸ்யூல் இன்னொரு அட்டை குடும்மா. ஒரு நாள்கூட விடல. நான் குளிக்காம இருந்திருப்பேன், அவளுக்கு மாத்திரை குடுக்காம இருக்கல" என்றார் அவர், பரிசு வாங்க வந்தவர் போல.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மனைவிக்கு மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. விடியுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவாள். கழுத்துவரை கம்பளி, கையுறை; வெயில் மேலே படுவதே இல்லை. நாலு மாதமாகக் காலெலும்பு குடைகிறது, படியேறினால் தொடை சொன்னபடி கேட்பதில்லை என்று டாக்டரிடம் போனாள். ரத்தத்தில் விட்டமின் டி ஒன்பதுதான் இருந்தது. இருபதுக்குக் கீழே போனாலே குறைவு.

"தினமும் ஒண்ணா குடுத்தீங்க, அண்ணே?"

"பின்னே? நீ எழுதின மாதிரிதான்."

சட்டைப்பையிலிருந்து காகித உறையை எடுத்து நீட்டினார். வியர்வையில் ஓரம் நைந்திருந்தது. அதில் அவளுடைய உருண்டைக் கையெழுத்து: காலை 1, சாப்பிட்ட பின்.

அந்த நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கடையில் நெரிசல். சின்ன உறைகள் தீர்ந்துபோயிருந்தன. மருந்துக்கு ஒரு உறை, உறைக்கு ஒரு எழுத்து என்பதுதான் அவள் பன்னிரண்டு வருஷப் பழக்கம். அன்றைக்கு மட்டும் கால்சியம் அட்டையையும் கேப்ஸ்யூல் அட்டையையும் ஒரே பெரிய உறைக்குள் போட்டு ஒருமுறை எழுதினாள். அது கால்சியத்துக்கு எழுதியது. தினம் ஒன்று. அறுபதாயிரம் யூனிட் கேப்ஸ்யூலோ வாரத்துக்கு ஒன்று. அதை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் பின்னால் நின்றவர் இருமல் மருந்து கேட்டார்.

உறை அவள் கையில் இருந்தது. காலடியில் குப்பைக்கூடை. வேன்காரரே அவளுக்கு ஒரு வழியும் திறந்துவிட்டார்.

"ஏம்மா, தப்பா? டாக்டரம்மா வாரம்னு ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் எட்டு வாரம் கழிச்சு வரச் சொல்றாங்கன்னு நெனச்சேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தான்" என்றார். சொல்லும்போதே முகம் சுருங்கியது. "ரெண்டு நாளா தண்ணி தண்ணின்னு கேக்குறா. சோறு பிடிக்கலங்கிறா. நான்தான் கெடுத்துட்டேனா?"

கடவுளே, என்று அவள் மனத்துக்குள் ஒருமுறை சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு பொய் சொல்வது கடினம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

"உங்க காது மேல பழி போடாதீங்க, அண்ணே. தப்பு என்னோடது. வாரம் ஒண்ணுன்னு எழுதியிருக்கணும். எழுதல."

அவர் உறையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அவள் அவர் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டாள். என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று இரண்டையும் சொன்னாள்.

டாக்டர் அதட்டவில்லை. "ரெண்டு மாத்திரையும் உடனே நிறுத்தச் சொல்லுங்க. கால்சியமும் வேணாம். இந்த விட்டமின் கொழுப்புல கரையுறது, மிச்சம் சிறுநீர்ல போயிடாது, உடம்புலயே தங்கும். அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். எட்டோட நின்னது நல்லது, இந்த அளவுக்குப் பெரும்பாலும் ஆபத்து வராது. ஆனா தாகம்னு சொல்றாங்களே, ஊகிச்சுக்கிட்டு உட்கார வேணாம். இன்னைக்கே கால்சியமும் சிறுநீரகமும் பார்த்துடலாம். அனுப்புங்க."

"அனுப்பல டாக்டர். நானே கூட்டிட்டு வர்றேன்."

பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள். ஆளனுப்பிக் கூப்பிட, குளிர்கிடங்கு வாசலுக்கு மனைவி கம்பளியைக் கழற்றிக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் புருஷனைத்தான் முதலில் பார்த்தாள்.

"கல்யாண நாளை மறப்பாரு, காஸ் தீர்ந்ததை மறப்பாரு. இது ஒண்ணை மட்டும் மறக்காம குடுத்திருக்காரு பாரு, தங்கச்சி."

"சிரிக்காதடி" என்றார் அவர். குரல் உடைந்தது.

அவள் சிரிப்பை நிறுத்தி அவர் தோளில் கை வைத்தாள். கிடங்கின் குளிர் இன்னும் விடாத கை. "விஷமா குடுத்தீங்க? ஆசையாத்தானே குடுத்தீங்க. வண்டிய எடுங்க."

ரத்தம் எடுத்த பிறகு முடிவு வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். மூவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரி கடைக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து தன்னைத் தங்கச்சி என்றழைத்த அந்த அக்காவுக்குக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வேன்காரர் மனைவியின் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். பயந்தவர் அசந்து தூங்க, நோயாளி காவல் இருந்தாள்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள் அவள் மெதுவாக. "எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அண்ணன் ஆயுசு முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கிட்டு இருந்திருப்பாரே, அக்கா."

அக்கா பாட்டிலை வாங்கி, "நீயும் ஒரு வாய் குடி. உன் உதடுதான் காஞ்சு கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கால்சியம் மேல்வரம்புக்குச் சற்று உள்ளேயே இருந்தது. சிறுநீரகமும் சரி. இரண்டு வாரம் கழித்துக் கால்சியத்தை மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். வேன்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். டாக்டரையா, கடைக்காரியையா, மேலே இருப்பவரையா என்று தெரியாதபடி பொதுவாக.

"அப்போ டி ஏறிடுச்சான்னு நாளைக்கே பார்த்துடலாமா?" என்று கேட்டார்.

"அவசரப்படாதீங்க. இப்போ பார்த்தா நிலையில்லாத கணக்குதான் காட்டும். உடம்பு அதைப் பரப்பி, அளவு ஒரு நிலைக்கு வர மூணு மாசம் ஆகும். அப்போ வாங்க."

இரண்டாம் வாரக் கால்சியம் இன்னும் இறங்கி நன்றாக இருந்தது. மூன்று மாதம் கழித்து விட்டமின் டி முப்பத்தெட்டு. முப்பதைத் தாண்டினால் போதும். படியேறும்போது தொடை சொன்னபடி கேட்பதாக அக்கா வேன்காரரோடு கடைக்கே வந்து சொன்னாள். ஆனால் கிடங்கு வேலை மாறவில்லை. விட்டால் மறுபடி இறங்கும். அதனால் டாக்டர் இனி மாதத்துக்கு ஒரே ஒரு கேப்ஸ்யூல் எழுதியிருந்தார்.

மருந்துக்கடைக்காரி சீட்டை இரண்டு தரம் படித்தாள். ஒரு கேப்ஸ்யூலைக் கத்தரித்துத் தனி உறையில் போட்டாள்.

"மாசத்துல எந்த நாள் உங்களுக்கு மறக்காது, அக்கா?"

"சம்பள நாள்" என்றாள் அவள் யோசிக்காமல்.

'மாதம் ஒன்று மட்டும். சம்பள நாள். மதியம் சாப்பிட்ட பின்' என்று பெரிய எழுத்தில் எழுதி, வேன்காரரிடம் நீட்டி வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் பள்ளிப்பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்னால் இருமல் மருந்துக்கு நின்றவர் பொறுமையிழந்து கனைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "இன்னொரு தரம் படிங்க, அண்ணே."