வாலாஜாபாத் மாப்பிள்ளை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். எங்கள் பிள்ளையார்பாளையத்துக் கமலாட்சி பொய் சொல்லாமலேயே தரகு பார்த்தவள். அவள் சொன்ன ஒரே பெரிய பொய், தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சபாபதியிடம் சொன்னதுதான். அதிலும் முழுசாக மாட்டிக்கொண்டாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் அவள் தரகுக்கு இறங்கியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. புருஷன் தறியில் உட்கார்ந்தால் உலகத்தையே மறந்துவிடும் ஆள், அதனால் தடை சொல்லவில்லை. யாரிடம் கற்றுக்கொள்வது என்பதுதான் கேள்வி. ஊரில் பேர்போன தரகர்கள் மூன்று பேர். மூவரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "உங்க கையில கெட்டுப்போன சம்பந்தம் எது?"

கோதண்டபாணிக்கு மூக்கின்மேல் கோபம். "என் கையில எதுவுமே கெட்டதில்ல" என்று அனுப்பிவிட்டார். பட்டம்மாள் எல்லாப் பழியையும் சனீஸ்வரன் தலையில் போட்டாள். சபாபதி மட்டும் உட்காரச் சொல்லி, மூன்று சம்பந்தங்களைச் சொன்னார். ஒவ்வொன்றிலும் தான் எங்கே கோட்டை விட்டார் என்றும் சொன்னார். காபி ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவளைவிட இரண்டு வயதுதான் பெரியவர். ஆனாலும் இவர்தான் என்று கமலாட்சி முடிவு கட்டினாள். தோற்ற கதையை மறைக்கிறவனிடம் ஜெயிக்கிற வித்தை மட்டும் எங்கிருந்து கிடைக்கும்?

சபாபதி ஒரு நிபந்தனை போட்டார். "கேள்விய மட்டும் தூக்கினு வராதம்மா. நீ இன்னா செய்யலாம்னு நெனக்கிறன்னும் சொல்லு. அப்புறம்தான் நான் வாயத் தொறப்பேன். செஞ்சப்புறம் இன்னா ஆச்சுன்னு வந்து சொல்லிட்டுப் போவணும்."

செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஆகவே அதுதான் அவர்கள் உட்கார்ந்து பேசும் நாள். மற்ற நாட்களில் அவர் போகும் வீடுகளுக்கு அவளையும் அழைத்துப்போய் வாய் திறக்காமல் உட்காரச் சொல்வார். திரும்பும் வழியில், "அந்த வூட்ல யாரு பேச்சு எடுபடும்?" என்று கேட்பார். "மாமனார்தான் நெறைய பேசினாரு" என்று அவள் ஒருமுறை சொன்னதும் சிரித்துவிட்டார். "பேசினது அவரு. பேசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் யாரு மூஞ்சியப் பாத்தாரு? அடுப்பங்கர வாசல்ல நின்ன மூத்த மருமவள. நீ அவகிட்டதான் பேசணும்."

ஒரு வீட்டின் கோபத்தை இன்னொரு வீட்டுக்குச் சூடாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, அவள் ஒரு நிச்சயத்தைக் கெடுத்தபோது அவர் திட்டவில்லை. "கேட்டத கேட்டபடி சேக்கறது தபால்காரன் வேல. நீ நடுவுல ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போ" என்றார். அந்த வார்த்தையை அவள் கடைசிவரை விடவில்லை. பதிலுக்கு, அவர் நுழைய முடியாத சமையலறைச் சேதிகளை எல்லாம் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இருவர் தொழிலும் செழித்தது.

எழுபது வாக்கில் வந்தது வினை. பெண்கள் டீச்சர் டிரெயினிங் படித்தார்கள், மெட்ராஸ் ஆபீஸ்களில் டைப் அடித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று ஒரு பெண் பிடிவாதம் பிடித்தாள். "அத அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிவை" என்றார் சபாபதி. வேண்டாம் என்று கமலாட்சிக்கு உள்ளே ஏதோ சொன்னது. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தாள். நிச்சயம் முறிந்தது. இன்னொரு வீட்டிலும் அதே கதை. மற்ற விஷயங்களிலோ, அவர் வாய் திறக்கும் முன்பே பதில் இவளுக்குத் தெரிந்தது. இவளுக்குத் தெரியாதது அவருக்கும் தெரியவில்லை. குரு வற்றிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இவள் பாத்திரம் பெரிதாகிவிட்டது.

மெட்ராஸில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்தும் தேவகியைத் தேடிப் பிடித்தாள். தேவகி இவளைவிடப் பத்து வயது சிறியவள். சம்பளம் யார் கையில், குழந்தையை யார் பார்ப்பது என்பதை எல்லாம் தாம்பூலத்துக்கு முன்பே, பெண்ணையும் பையனையும் வைத்துக்கொண்டே பேசி முடிக்க வேண்டும் என்றாள் அவள். ஞாயிறுதோறும் கமலாட்சி பஸ் ஏறினாள். உண்மையான கேள்வியெல்லாம் அங்கே போயிற்று. செவ்வாய்க்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வெறுங்கையோடு போனால் சபாபதி மனசு உடைந்துபோகும். போகாமல் இருக்க அவளுக்கே மனசில்லை. அவரை இழந்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்தாள். அந்தப் பயத்தில் இல்லாத ஒரு மாப்பிள்ளையைப் பெற்றெடுத்தாள்: வாலாஜாபாத் பரசுராமன், ரைஸ் மில் கணக்குப்பிள்ளை, எந்தப் பெண்ணைக் காட்டினாலும் வேண்டாம் என்பவன். முதலில் பெண் குட்டை என்றான். பிறகு அவன் அம்மாவுக்குக் காது கேட்காமல் போயிற்று. ஆடியில் அவனே தவறி விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். சபாபதி உற்சாகமாகிவிட்டார். வாரா வாரம் புது யோசனை சொன்னார்.

தைமாதம் ஒரு செவ்வாய் அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "பரசுராமனுக்குப் பொண்ணு கெடச்சுடுச்சு. நல்ல எடம். வூட்ல சொல்லிட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. வெள்ளிக்கெழம மாப்ளய இட்டுக்கினு வா."

மாப்பிள்ளை வராவிட்டால் சபாபதியின் வாக்கு பொய்யாகும். தரகனுக்கு வாக்குப் போனால் என்ன மிச்சம்? காலொடிந்தவனை மறுபடி ஒடிக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள், பாவி.

"அண்ணே... அவனுக்கு..."

"இன்னா, மறுபடியும் வுழுந்துட்டானா?"

"அப்படி ஒரு ஆளே இல்லண்ணே" என்றாள். தேவகியைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். "உங்கள வுட்டுட்டுப் போறன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சபாபதி வெற்றிலையை மென்று முடித்தார். "அத்தனி மாசமா அவனப்பத்தி சொன்னியே, அவனுக்கு அத்தன்னு ஒருத்தி வந்தாளா? அத்த இல்லாத மாப்ள வூடு ஒலகத்துல உண்டா? மூணாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. தேவகி ஹாஸ்டல்ல என் மவளோட சிநேகிதிதான் இருக்குது. நீ ஞாயித்துக்கெழம எங்க போறன்னு அதுவே சொல்லிச்சு."

"ஏன் கேக்கலண்ணே?"

"கேட்டா நீ வரமாட்டியே" என்றார். இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நானும் பயந்தவன்தான்."

கமலாட்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அந்தப் பொண்ணும் பொய்தானா?" என்றாள்.

"மாப்ளதான் பொய். பொண்ணு நெஜம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "என் மவ தில்லையம்மாதான். செங்கல்பட்டு ஸ்கூல்ல டீச்சரு, பொங்கல் லீவுக்கு வந்து உள்ளதான் இருக்குது. வேலைய வுட மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்குது. நாலு எடம் கொண்டாந்தேன். நாலும் போச்சு. ஊருக்கெல்லாம் முடிச்சுக் குடுத்தவன் மவளுக்கு ஒண்ணும் வழி தெரியல கமலாட்சி. நீ பாரு. எங்கிட்ட கத்துக்கினத வெச்சிப் பாக்காத. அந்தத் தேவகிகிட்ட கத்துக்கினத வெச்சிப் பாரு. இனிமே செவ்வாக்கெழம நீ கேக்க வர வேணாம்."

கமலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எந்தப் பெண் வீட்டிலும் கேட்பதுபோலக் கேட்டாள்: "பொண்ணோட அப்பா எப்படி?"

"பிடிவாதக்காரன்" என்றார் சபாபதி.

"அப்படின்னா நீங்க கொஞ்சம் வெளிய போயி ஒக்காருங்கண்ணே. நான் பொண்ணுகிட்ட தனியா பேசணும்."

அவர் மறுபேச்சு பேசாமல் எழுந்தார். போகிற வழியில் உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நின்றார்.