நாலா, இருபத்தொன்றா

டிக்கெட் ஏஜென்ட் அக்காவின் கடை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவுதான். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். கையில் பழைய முறிவு இன்னும் வலித்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். தள்ளிவிட்டது புருஷன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு இரண்டு நாள் டூட்டி. அன்றே ஏதாவது ஒரு வண்டியில் மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், திரும்பவே கூடாது.

"முதல் வண்டி ரிக்ரெட்" என்றாள் ஏஜென்ட் அக்கா. "வெயிட்டிங் லிஸ்ட்டே முடிஞ்சு போச்சு, இனி யாருக்கும் டிக்கெட் கிடையாது. அடுத்தது நாட் அவைலபிள். அந்தப் பக்கமே பார்க்காத."

"அவைலபிள்னு எதுவுமே இல்லையாக்கா?"

"வியாழக்கிழமை இருக்கு."

வியாழக்கிழமை அவர் வீட்டில் இருப்பார்.

மிச்சம் சாயங்கால வண்டி ஒன்றுதான். இந்த ஊரிலிருந்து தேடினால் பி.கியூ.டபிள்யூ.எல். 9, அதன் பக்கத்தில் டபிள்யூ.எல். 4. வண்டி கிளம்பும் ஊரிலிருந்தே தேடினால் ஜி.என்.டபிள்யூ.எல். 38, பக்கத்தில் டபிள்யூ.எல். 21.

"முதல் நம்பர் இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தாங்கன்னு. ரெண்டாவது நம்பர்தான் உன் இடம். ஆனா நம்பரை மட்டும் பார்த்து ஏமாந்துராத. ஜி.என். பொது லிஸ்ட், வண்டி முழுக்க யார் கேன்சல் பண்ணாலும் நகரும். பி.கியூ. நடுவுல ஏறி நடுவுல இறங்கறவங்களுக்கு. பல ஊருக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி சீட்டு, அதுல யாராவது விட்டாத்தான் உண்டு. அதனால இருபத்தொண்ணையே எடு. வண்டி கிளம்புற ஊர்லேருந்து போட்டுட்டு, ஏறுற இடம்னு நம்ம ஊரைக் குறிச்சுக்கலாம். காசு கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்."

இத்தனை தெளிவாகச் சொல்லியும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இருபத்தொரு பேர் எப்போது விலகுவார்கள்? கல்யாணமாகி ஒன்பது வருஷம், ரயில் சம்பந்தமாக எதுவானாலும் அவரைக் கேட்டே பழகிப்போனவள். அடிக்கிற கைதான், ஆனாலும் அந்த வாய்க்குத் தெரியாத வண்டி கிடையாது. பழக்கம் என்பது எப்பேர்ப்பட்ட பாவி! தெருவுக்கு வந்து அவருக்கே போன் போட்டாள்.

"பக்கத்து வீட்டம்மா கேக்கறாங்க" என்று ஆரம்பித்து, எழுத்துகளையும் எண்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்:

"எந்த ஊருக்காம்?"

நாக்கு முந்திக்கொண்டது. அண்ணன் ஊரையே சொல்லிவிட்டாள்.

"சரி. நாலையே போடச் சொல்லு. நாலு பேர் நகரமாட்டானா? கண்டிப்பா கிடைச்சிடும்." குரல் அன்று அத்தனை இதமாக இருந்தது.

நாலையே போட்டாள். ஏஜென்ட் அக்கா உதட்டைப் பிதுக்கிவிட்டு அச்சடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த நாலு அசையவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் போனை ஒளித்து வைத்துப் பார்ப்பாள், நாலு. மகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வந்து பார்ப்பாள், நாலு. அவர் சாப்பிட்டுக்கொண்டே "பக்கத்து வீட்டம்மா சந்தோஷமா?" என்று கேட்டார். தலையாட்டினாள். இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் பெட்டியோடு கிளம்பிப் போனார். யார் யாருக்குச் சீட்டு என்ற கடைசிப் பட்டியல், அந்த சார்ட், தயாரானதும் அவள் கடைக்கு ஓடினாள். ஏஜென்ட் அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

"நாலுலயே நின்னுபோச்சும்மா. சார்ட் போட்டதும் டிக்கெட் தானா கேன்சல் ஆயிடுச்சு. இதை வச்சுக்கிட்டு வண்டி ஏற முடியாது."

"அந்த இருபத்தொண்ணு?"

அக்கா தயங்கினாள். "உனக்கப்புறம் வந்த ஒருத்தருக்கு அந்த லிஸ்ட்ல போட்டேன். இருபத்தி ரெண்டு. நேத்தே சீட்டு வந்திருச்சு."

அப்போதுதான் உறைத்தது. பி.கியூ. டிக்கெட்டை நம்பிப் பெட்டியில் ஏறி, அழுது, இறக்கிவிடப்பட்டவர்களைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைகள் எத்தனை! அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னார். நாசமாய்ப் போனவள் நான், என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டாவது போகலாம். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டி வந்துவிட்டால் போதும். பையை எடுக்க வீட்டுக்கு விரைந்தாள். பின்வாசல் வழியாக நுழைந்து பையைத் தோளில் மாட்டியபோது கூடத்தில் டி.வி. சத்தம் கேட்டது.

மகள் அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள், பள்ளிச் சீருடையோடு.

"அம்மா, அப்பா லீவு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டாங்க!"

"டூட்டியை மாத்திக்கிட்டேன்" என்றார் அவர், மகளின் தலையைத் தடவிக்கொண்டே. "பக்கத்து வீட்டம்மாவை வாசல்ல பார்த்தேன். எந்த ஊருக்கும் போகலையாமே?"

அவர் மகளை இறக்கிவிட்டு எழுந்து, கதவைத் தாழிட நடந்தார்.