வீட்டுக்காரர் படித்த குறிப்பு

வாடகைப் பத்திரம் பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். நஸ்ருன்னிசாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால், அதைச் சுருக்கித் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கும்படி என் சீனியர் ராமானுஜம் சொன்னார். நான் அப்போது மயிலாப்பூரில் அவரிடம் ஜூனியர் வக்கீல். சம்பளம் என்று ஒன்று கிடையாது, காபி உண்டு.

நஸ்ருன்னிசா திருவல்லிக்கேணியில் ப்ளவுஸ் தைப்பவர். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஆனால் நான்கு வருஷத்தில் இரண்டு கடையிலிருந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தையல் மெஷின்களை மீன்பாடி வண்டியில் ஏற்றி, பழைய கடை வாசலில் புது விலாசச் சீட்டு ஒட்டுவார். அடுத்த நாளே அதன் மேல் சினிமா போஸ்டர் விழும். பாதி வாடிக்கை போய்விடும். இப்போது தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கடை கிடைத்திருந்தது. இங்கிருந்தும் துரத்தினால் மெஷின்களை விற்றுவிட்டு அக்கா வீட்டில் ரொட்டி சுடப் போவதாகச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில், ரொட்டி சுடுவது தூக்குத் தண்டனைக்கு ஒரு படி கீழே.

வீட்டுக்காரர் வெங்கடரமணன், கணக்குத் தணிக்கை ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார், மாடியில் தனியாக இருந்தார். பத்திரத்தைத் தயாரித்தது அவருடைய மாப்பிள்ளை சுஹாஸ். ஏதோ கம்பெனிக் குத்தகையைப் பார்த்து அப்படியே அடித்திருந்தான். தையல் கடைக்கு எதற்கு ஹெலிபேடு பற்றி ஒரு வரி என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நான் எழுதிய குறிப்பு இதுதான்:

"வாடகை முதல் வருஷம் மாதம் நாலாயிரம். வருஷா வருஷம் பத்து சதவீதம் ஏறும். முதல் வாடகை மேல் அல்ல, கடைசியாகக் கொடுத்த வாடகை மேல். ஆக இரண்டாம் வருஷம் 4,400, மூன்றாம் வருஷம் 4,840. ஐந்தாம் வருஷம் 5,856 வரை போகும்.

லாக்-இன் மூன்று வருஷம். அதற்குள் நீங்கள் காலி செய்தால் மூன்று வருஷம் முடிய மிச்சமிருக்கும் வாடகை முழுவதையும் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கட்டு உங்களுக்கு மட்டும்தான். வீட்டுக்காரர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம்.

என் யோசனை: லாக்-இன் அவருக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்காரர் சாதுதான். மாப்பிள்ளை ஆட்டுகிறபடி தலையாட்டுகிறார். அழுத்தினால் இறங்குவார்."

கடைசி மூன்று வாக்கியங்களைச் சீனியர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காபியும் போயிருக்கும்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறதே, நோட்டீஸ் கொடுத்தால் மட்டும் காலி செய்துவிட முடியுமா என்று சீனியர் கேட்டார். முடியாதுதான். காரணம் காட்டி வழக்குப் போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். வழக்கு அதுபாட்டுக்குப் பல வருஷம் நடக்கும், ஃபீஸ் அதுபாட்டுக்கு நமக்கு வரும். நஸ்ருன்னிசா கேட்டது கடையை, வழக்கை அல்ல.

கையெழுத்துப் போட வேண்டிய நாளில் நான் 12பி பஸ்ஸில் நசுங்கி, பனகல் பார்க்கில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தேன். காலிக் கடையில் இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் நஸ்ருன்னிசா. இன்னொன்றில் வெங்கடரமணன், மூக்குக்கண்ணாடியோடு, ஒரு காகிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது என் குறிப்பு.

நஸ்ருன்னிசா என்னை விடச் சரளமாகத் தமிழ் பேசுவார். ஆனால் படிக்கத் தெரிந்தது உருது மட்டும். தமிழில் பேசுகிறவர் தமிழில் படிப்பார் என்று நினைத்தது ஒரு குற்றமா? பக்கத்தில் படிக்கத் தெரிந்த பெரிய மனிதராக யார் இருந்தாரோ அவரிடம் நீட்டியிருக்கிறார். அந்தப் பெரிய மனிதர் எதிர்க்கட்சி என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

தணிக்கை ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவருக்கு வரி விட்டுப் படிக்க வராது. "மாப்பிள்ளை ஆட்டுகிறபடி தலையாட்டுகிறார்" என்பதையும் படித்தார். "அழுத்தினால் இறங்குவார்" என்பதையும் படித்தார். கீழே என் கையெழுத்து, தேதி, எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

நஸ்ருன்னிசா என்னைப் பார்த்த பார்வையில் ஊசி, கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி எல்லாம் இருந்தன. கடை போச்சு என்றே நினைத்தேன்.

வெங்கடரமணன் காகிதத்தை மடித்தார். "எனக்கும் லாக்-இன் போடலாமா?" என்று கேட்டார்.

போடலாம் என்றேன்.

"மூணு வருஷத்துக்குள்ள நானே நெனச்சாலும் இவாள வெளியே அனுப்ப முடியாதா?"

முடியாது என்றேன். பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால், வீட்டை விற்றாலும் வாங்குகிறவனையும் அது கட்டும் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. சுஹாஸ் ஒரு பில்டரைக் கூட்டி வந்திருக்கிறான். இடித்துவிட்டு எட்டு ஃப்ளாட். ஃப்ளாட் வாங்க ஆள் சேரும்வரை வாடகை சும்மா வரட்டும் என்றுதான் அந்த மூன்று மாத நோட்டீஸ். கட்டி முடியும்வரை மாமனாரை ஆழ்வார்பேட்டையில் தங்களோடு வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அங்கே அவருக்கு ஹாலில் ஒரு சோபா ஒதுக்கியிருக்கிறார்கள். டி.வி. அணைந்தால்தான் படுக்கலாம்.

"இந்த மாடியிலதான் அவ போனா. எனக்கு இங்கேர்ந்து போக வேண்டாம்மா," என்றார். "நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். பத்திரம் சொன்னா கேப்பான்."

அந்த மனிதரைப் பற்றி அப்படி எழுதியதற்கு வெட்கமாக இருந்தது. எழுதியதில் ஒரு சொல்லும் தப்பில்லை என்பதுதான் இன்னும் கஷ்டம்.

அவர் மூன்று வருஷம் போதாது, ஐந்தாகப் போடு என்றார். என் வேலையை நான் செய்தேன். லாக்-இன் இருவருக்கும் என்றால், நஸ்ருன்னிசாவும் ஐந்து வருஷம் நகர முடியாது, வாடகை 5,856 ஆனாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன்.

"ஏறட்டும் மேடம். ஏறுனா நாலு ப்ளவுஸ் சேத்துத் தெச்சிக்கினு போறேன். தொரத்துனா எங்க ஒக்காந்து தெக்கிறது?" என்றார் நஸ்ருன்னிசா. அதே மூச்சில் பத்து சதவீதத்தை எட்டாக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கேட்டார். சாது என்று நான் எழுதிய மனிதர் அசையவே இல்லை. அழுத்தினால் இறங்குவார் என்ற என் கணிப்பும் அத்தோடு காலி.

பழைய பக்கத்தை எடுத்துவிட்டு வேறு அடித்து வரக் கிளம்பினேன். ஹெலிபேடையும் அப்படியே நீக்கிவிடுவதாகச் சொன்னேன். வெங்கடரமணன் சந்து முனை வரை கூடவே வந்தார்.

"ஒண்ணு சேத்துக்கோ. இந்த அஞ்சு வருஷத்துல நானே நோட்டீஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், அந்தப் பொண்ணு சம்மதிச்சாலொழிய அது செல்லாதுன்னு எழுது."

நீங்களே எதற்கு எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"சுஹாஸ் வந்து எதிர்ல நின்னா போட்டுடுவேம்மா," என்றார்.