சொல்லின் வலது ஓரம்

அந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் பெயர் சொல்லி யாரையும் அழைப்பதில்லை. மொழிபெயர்ப்பவருக்கு ஓர் எண், சரிபார்ப்பவருக்கு ஓர் எண். யார் யாருடைய தப்பைத் திருத்துகிறார்கள் என்று தெரிந்தால் பாசமோ பகையோ நடுவில் வந்துவிடும் என்பது தர மேலாளரின் கண்டுபிடிப்பு. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அவருக்குப் பின்னால் எல்லோரும் பூஜ்யம் என்றுதான் சொன்னார்கள். 'பூஜ்யப் பிழை' என்ற வாசகத்தை அறைக்கு ஒன்றாக மாட்டி வைத்திருந்தார். கழிப்பறைக் கதவில் மாட்டியதை மட்டும் யாரோ கழற்றிவிட்டார்கள்.

அவள் சரிபார்ப்பவர் நான்கு. இத்தாலிய மொழிக்கு அவள் ஒருத்திதான். மொழிபெயர்ப்பு முடிந்து வந்ததும் கடைசியாகப் படித்து, ஆண்பால் பெண்பால் என்ற பாலும் ஒருமை பன்மை என்ற எண்ணும் பொருந்தாத இடங்களையும், எழுத்தின் தலையில் விழாமல் போன கோடுகளையும், ஆங்கிலத்தின் எலும்புக்கூடு அப்படியே துருத்திக்கொண்டிருக்கும் வாக்கியங்களையும் பிடிப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மொழிபெயர்ப்பவர் பதினேழு யார் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன்.

இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூச்சுக் குழாயை எடுக்கலாம் என்ற தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் வந்துகொண்டிருந்தான். ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். அந்த நாற்பது நிமிஷத்தை அவன் இன்னும் அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான், வாய் திறக்காமல். பேச்சு நடப்பது கோப்பில் மட்டும்தான். அவள் திருத்துவாள், அந்தத் திருத்தங்கள் சிவப்புத் தடமாக அவனுக்குப் போகும், அவன் ஒவ்வொன்றையும் ஏற்பான் அல்லது மறுப்பான். மறுத்தால் ஓரக்குறிப்பில் ஒரே சொல்: 'வேண்டாம்.' நான்கு என்பது தங்கைதான் என்று அவனுக்குத் தெரியுமா என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கும் ஆசையும் மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு இருக்குமே, அப்படி. இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை.

அன்று காலை வந்தது ஒரு லிஃப்ட் நிறுவனத்தின் அறிமுகப் புத்தகம். இத்தாலியில் நடக்கும் கண்காட்சிக்குப் போகிறது. நாற்பது பக்கத்தில் பதினெட்டுப் பக்கம் சேர்மனின் செய்தி. 'நான் மாடிப்படி இல்லாத வீட்டில் பிறந்தேன்' என்று ஆரம்பித்து, மனித குலம் மேலே போக விரும்பியதன் வரலாற்றைத் தொட்டு, தன் எடையைப் பற்றிய ஒரு நகைச்சுவையோடு முடிந்தது. மீதியில் லிஃப்ட்.

"மூணு மணிக்கு சேர்மனே நேர்ல வர்றார் மேடம்," என்றார் பூஜ்யம், தலையை மட்டும் கதவுக்குள் நீட்டி. "நம்ம தர அளவை அவர் கண் முன்னால காட்டணும். பதினேழுதானே செஞ்சது? கவலையே இல்ல."

"பார்க்கிறேன் சார்."

பார்த்தாள். இரண்டாவது பக்கத்தில் நின்றாள்.

La porta è aperto. கதவு திறந்திருக்கிறது. இத்தாலியனில் கதவு பெண்பால். பின்னால் வரும் சொல்லும் aperta என்று பெண்பாலில்தான் முடிய வேண்டும். அண்ணன் ஆணாக முடித்திருந்தான். முதல் வருஷ மாணவன் செய்யும் தப்பு. சரி, கை தவறியிருக்கும். அடுத்த பத்தியில் புதிய கதவுகள் பன்மையில் நிற்க, அவற்றின் நிறம் ஒருமையில் நின்றது. அதற்கடுத்த பத்தியில் 'ஆனாலும்' என்று பொருள்படும் però தன் கடைசி எழுத்தின் கோட்டை இழந்திருந்தது. கோடு இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பேரிக்காய் மரம் என்று பொருள். ஆக, சேர்மன் இத்தாலியர்களிடம் சொல்வது: பேரிக்காய் மரம், பாதுகாப்பில் நாங்கள் சமரசம் செய்வதில்லை.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

கணினியின் எழுத்துப்பிழை பார்க்கும் கருவி இதில் எதையும் பிடிக்காது. மரமும் சரியான சொல்தான், ஆண்பாலும் சரியான சொல்தான். கருவி பிடிக்கக்கூடியதை அண்ணன் பிடித்துத் திருத்தியிருந்தான். கண்ணால் பிடிக்க வேண்டியது மட்டும் அப்படியே கிடந்தது.

வாக்கியங்களும் அப்படியே. நாங்கள் பெருமைப்படுகிறோம், நாங்கள் அறிவிக்கிறோம், நாங்கள் உயர்த்துகிறோம் என்று ஆங்கிலத்தைப் போலவே வரிக்கு வரி 'நாங்கள்' வந்து உட்கார்ந்திருந்தது. இத்தாலியனில் வினைச்சொல்லின் வாலிலேயே அந்த நாங்கள் இருக்கிறது, தமிழில் 'செய்தோம்' என்றால் போதும் என்பது மாதிரி. உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம் என்பதற்கு ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, முன்பக்கம் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தான். ஆங்கில மூலத்தை மூடிவிட்டு இத்தாலியனை மட்டும் ஒருமுறை படிப்பது அவன் பழக்கம். சேர்ந்து படித்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். இதை அவன் அப்படிப் படிக்கவில்லை. அல்லது படிக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எண்ணினாள். அறுபத்துமூன்று பிழை. இருபதைத் தாண்டினால் மொழிபெயர்ப்பவரின் எண் பட்டியலிலிருந்து அழிக்கப்படும். பூஜ்யத்தின் சட்டம்.

திருத்தங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் பட்டியலைத் திறந்தாள். அப்போதுதான் தெரிந்தது. பாலும் எண்ணும் தவறிய இடமெல்லாம் சொல்லின் கடைசி எழுத்து. விழாத கோடெல்லாமும் கடைசி எழுத்தில்தான், இத்தாலியனில் எழுதியே ஆகவேண்டிய கோடு விழுவது அங்கேதான். ஒரு சொல்லின் தொடக்கத்தில் ஒரு தப்புகூட இல்லை. களைத்தவன் எங்கே வேண்டுமானாலும் தடுக்கி விழுவான். இவன் ஒரே பக்கமாக விழுந்திருந்தான். வலது பக்கமாக.

அப்பாவும் இப்படித்தான். செய்தித்தாளின் தலைப்பைச் சத்தமாகப் படிக்கும்போது சொற்களின் வாலை விழுங்கினார். தட்டின் வலது பாதியில் சோறு மிஞ்சியது. வயசாகிறது என்று சிரித்தார்கள். மூன்று வாரம் கழித்து விழுந்தார். மூளையில் ஏற்கெனவே ஒரு சின்ன அடைப்பு வந்து வலது பக்கப் பார்வையைக் கொண்டுபோயிருந்தது என்றும், அப்போதே வந்திருந்தால் பெரியதைத் தடுத்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். பார்வை போனது அவருக்கே தெரிந்திருக்காது என்றும் சொன்னார்.

அவள் மாடிப்படிக்குப் போய் அண்ணிக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, நான்தான். அவன் எப்படி இருக்கான்?"

அண்ணி, "ரெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கேட்கத் தோணுச்சா?" என்றாள்.

"திட்டுங்க, அப்புறம் திட்டுங்க. எங்கயாவது இடிச்சுக்கறானா?"

"உனக்கு யார் சொன்னது? வலது தோள் பூரா கன்னிப்போய்க் கெடக்கு. கதவு குறுகிப்போச்சாம். பத்து வருஷமா அதே கதவு, போன வாரம் குறுகிப்போச்சு!"

"அண்ணி, இன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. கண் டாக்டர் இல்ல. தலைக்கு ஸ்கேன். அப்பாவுக்கு வந்த மாதிரி இருக்கு."

"நான் சொல்லலைன்னா நெனக்கிற? கண்ணாடி மாத்தணும்னு சொல்லிட்டு, அதையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டார். நீ சொன்னேன்னு சொன்னா, உங்கப்பா பேரை எடுத்தேன்னு அன்னைக்குச் சாப்பிடவே மாட்டார். உங்க வீட்டு ஆளுங்களுக்கு எழுத்துல இருந்தாத்தான் எதுவும் உண்மை."

அண்ணி அதைக் குத்தலாகத்தான் சொன்னாள். அவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். சிவப்புத் தடத்தை நிறுத்தும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டுப் புதிய பிரதியில் திருத்தினால் எந்தத் தப்பும் பதிவாகாது. கோப்பு நேராக சேர்மனுக்குப் போகும், பதினேழின் எண் பிழைக்கும், அவனுக்கு வேறு வேலை கிடையாது. அவர்கள் இருவருக்கும் வேறு பேச்சும் கிடையாது. ஆனால் அவன் எதையும் பார்க்க மாட்டான். கதவு இன்னும் குறுகும்.

தடத்தை அணைக்கவில்லை. அறுபத்துமூன்றையும் அப்படியே விட்டு, முதல் திருத்தத்தின் ஓரத்தில், சொல்லின் இடதுபுறமாக, அவன் கண்ணில் படும்படி, தமிழில் எழுதினாள்: 'எழுத்துத் தப்பெல்லாம் வலது ஓரம். எண்ணிப் பார். அப்பா பேப்பர் படித்தது நினைவிருக்கா? இன்றைக்கே போ.' கோப்பை மூடி அனுப்பும் பொத்தானை அமுக்கினாள்.

மூன்று மணிக்கு சேர்மன் வந்தார். புகைப்படத்தைவிடக் குள்ளம். லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறி வந்திருந்தார், மூச்சு வாங்கியது. பூஜ்யம் அவரைச் சுவரில் இருந்த, எண்கள் எழுதிய வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

"எங்க நேர்மைக்கு இதைவிட என்ன சாட்சி சார்? உங்க புத்தகத்துல அறுபத்துமூணு பிழை! கண்டுபிடிச்சது நாங்களே!" என்று சொல்லி, பலகையிலிருந்த பதினேழைத் துணியால் துடைத்தார். கீழ்க்கோடு போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார்.

சேர்மன் முகம் சுருங்கியது. "என் எழுத்துல அறுபத்துமூணு தப்பா?"

"ஐயோ, உங்க எழுத்துல இல்ல சார். இத்தாலியன்ல."

"அப்ப என் இங்கிலீஷ்ல?"

"அதை யாரும் சரிபார்க்கவே இல்ல சார்," என்றார் பூஜ்யம், மிகுந்த மரியாதையோடு.

நான்காம் நாள் அண்ணி கூப்பிட்டாள்.

"அந்தப் பட்டியலை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீனை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி. அப்புறம் செருப்பை எடுன்னார். ஒரே வார்த்தை. செருப்பும் வலது பக்கம்தான் இருந்துச்சு, அவருக்குத் தெரியலை."

"ஸ்கேன்ல?"

"சின்ன அடைப்பு. பழசு, பத்து நாள் இருக்கும்னாங்க. மாத்திரை கொடுத்திருக்காங்க. இன்னொண்ணு வராம பார்த்துக்கலாமாம். போன பார்வை திரும்புமான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"நம்பரை எடுத்துட்டாங்க அண்ணி. நான்தான் காரணம்."

"தெரியும். மெயில் வந்துச்சு. நான்தான் படிச்சுக் காட்டினேன்." அண்ணி மூச்சு விட்டாள். "உன்கூடப் பேசறீங்களான்னு கேட்டேன். ஃபைல்ல பேசியாச்சுன்னார்."

"அப்ப நான்தான்னு அவனுக்கு..."

"ரெண்டு வருஷமா உன்னைத் திட்டாம ஒரு ஃபைலை மூடினதில்ல. யாரைன்னு நெனச்ச?"

மதியம் கோப்பு திரும்பி வந்தது. எண் அழிந்தாலும் கடைசிக் கோப்பைப் பார்த்து முடித்துத் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். அறுபத்திரண்டு ஏற்கப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் மறுக்கப்பட்டிருந்தது. நாங்கள் நிறுவனம் அல்ல, நாங்கள் குடும்பம் அல்ல, நாங்கள் உயரம் என்று சேர்மன் முழங்கும் இடத்தில் அவள் மூன்று 'நாங்கள்'களையும் வெட்டியிருந்தாள். அண்ணன் திருப்பி வைத்திருந்தான். ஓரத்தில், அண்ணி தட்டச்சு செய்திருக்க வேண்டும், நிறுத்தக்குறி எதுவும் இல்லாமல் இருந்தது:

'வேண்டாம் இது மிச்சமிருக்கும் ஆங்கிலம் இல்லை இது சேர்மன்'

சரியாகத்தான் சொல்லியிருந்தான், அந்த 'நாங்கள்' சேர்மனின் முழக்கம்தான். அவள் மறுப்பை ஏற்றாள். அந்தக் குறிப்பின் கீழே பதில் எழுத ஒரு கட்டம் திறந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்தை மூடவில்லை.

பூஜ்யம் தலையை நீட்டினார். "மேடம், புதுப் பதினேழு சேர்ந்தாச்சு. முதல் ஃபைல் வந்திருக்கு. தண்ணி பம்பு கம்பெனி. சேர்மன் செய்தி முப்பது பக்கம்."

"வையுங்க சார்," என்றாள் அவள். "இது இன்னும் முடியலை."