பில்லின் அடியில் ஒரு கழிவு

அட்டைப்பெட்டி செய்து விற்பவள் அவள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் ஆலை அடுத்த காகித உருளையை அனுப்பாது. உருளை வராவிட்டால் பட்டறை நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், முப்பதாம் நாள் ஆற அமரப் பணம் தருகிற நல்லவர்கள்.

சீக்கிரம் தாருங்கள் என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. கணக்குப் பார்க்கும் நாத்தனார்தான் வழி சொன்னாள். அதன்படி இந்த முறை பில்களின் அடியில் ஒரு வரி ஏறியது: 'பத்து நாளில் 2% கழிவு.'

ஆறு நாளாக யாரும் மூச்சுவிடவில்லை. புதன்கிழமை காலை சோப்புக்காரர் போன் செய்தார். பெரிய பில் அவருடையதுதான்.

"என்னம்மா, பத்து நாள்ல நூத்துக்கு ரெண்டு பெட்டி வீணாப் போகுமா? அத பில்லுலயே அடிச்சு வேற அனுப்புறீங்க! உங்க தைரியத்தப் பாராட்டணும்."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு மூலையில் குவிந்து கிடந்த வெட்டுத் துண்டுகள் கண்ணில் பட்டன. பட்டறையில் அதற்குப் பெயரே கழிவுதான். நாள் முழுக்கத் தன் வாயில் புழங்குகிற சொல் எப்படித் தோன்றாமல் போனது? விளக்கிச் சொன்னால் தன் பணமுடை தெரிந்துவிடும் என்றுதானே ஒரே வரிக்குள் ஒளிந்துகொண்டாள்.

"ஐயோ அண்ணே, அது தள்ளுபடி! பில் ஆயிரம்னா, பத்து நாளுக்குள்ள தந்தா தொள்ளாயிரத்து எண்பது போதும். அதுக்கு மேல போனா முழு ஆயிரம், வழக்கம்போல முப்பது நாளுக்குள்ள."

"பெட்டி வந்த நாள்லேர்ந்தா?"

"இல்ல, பில் தேதியிலேர்ந்து. உங்களுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள பணம் எங்க கணக்குல ஏறிடணும்."

"பத்து தாண்டிட்டா அபராதம் கிபராதம்?"

"ஒண்ணும் கிடையாது. தள்ளுபடி மட்டும் இல்ல."

"சரி, இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அவள் தயங்கினாள். ஆனால் மறைத்ததால் வந்த வினை கண்முன்னே இருந்தது.

"காகிதம் வாங்க இப்பவே பணம் வேணும்ணே. வெளிய கடன் வாங்கி வட்டி கட்டுறதுக்குப் பதிலா, அத உங்களுக்கே குடுக்கலாமேன்னுதான்."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பாதிப் பெட்டியப் பிரிச்சு ஓட்டை தேடிட்டேன்!"

மதியத்துக்குள் பணம் வந்துவிட்டது.

"அண்ணி, மனுஷன் ரெண்டு சதவீதத்த ஒரு காசு விடாம கழிச்சுட்டாரு," என்றாள் நாத்தனார்.

"கழிக்கட்டும்டி, நல்லாக் கழிக்கட்டும்."

அவள் உடனே ஆலைக்குப் பணம் அனுப்பினாள். நாளைக்கு உருளை லாரி ஏறும் என்றார்கள். தோள்கள் தாமாகவே இறங்கின. இத்தனை நாளும் அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்து, அடுத்த வாடிக்கையாளரின் எண்ணை அழுத்தினாள்.

"அண்ணே, பில்லுல கழிவுன்னு ஒண்ணு போட்டிருக்கோம். பயந்துடாதீங்க, என்னன்னு சொல்றேன்."