தாய் மெஷின்

என் லேப்டாப்பின் சார்ஜரைச் சுவரோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டியவர் என் அண்ணன். பழுப்பு நிற பார்சல் டேப், ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து சுற்று. என் சொந்தச் சம்பளத்தில் நான் வாங்கிய லேப்டாப், எங்கள் அலுவலகத்தின் மூலையில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி கிடந்தது. தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல மாட்டேன். நான் உண்மையைச் சொன்னேன், அவர் அதை டேப்பாக மாற்றிக்கொண்டார்.

வீட்டின் கீழ்த்தளம்தான் அலுவலகம். கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். அண்ணன், நான், கண்ணாடிக்காரர் என்று நாங்கள் அழைக்கும் வரைவாளர், பிரிண்ட் ரூமில் இருப்பதையும் சேர்த்து நாலு டெஸ்க்டாப், என் லேப்டாப். மாடியில் வீடு. இணைப்பில் மாதத்துக்கு இவ்வளவுதான் டேட்டா என்று கணக்கு உண்டு. அது தீர்ந்தால் வேகம் படுத்துவிடும், ஒரு வரைபடத்தை அனுப்புவதற்குள் தலைமுடி நரைத்துவிடும். ஒரு மாதம் அஞ்சு மெஷினும் ஒரே அப்டேட்டைத் தனித்தனியாக இறக்கி டேட்டாவை விழுங்கிவிட்டன. ஒரு வாடிக்கையாளர் எங்களை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் நான் எல்லா மெஷினிலும் அமைப்புகளுக்குள் போய் ஒரு சுவிட்சை ஆன் செய்தேன். ஒரு மெஷின் இறக்கிய அப்டேட்டை, அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்றவை அதனிடமிருந்து துண்டுதுண்டாக வாங்கிக்கொள்ளும். வெளியாட்களோடு வேண்டாம், நம் நெட்வொர்க்குக்குள் மட்டும் என்று குறித்தேன். முதலில் என் லேப்டாப்பில் இறக்கினேன், மற்றவை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டன. டேட்டா மிஞ்சியது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "லேப்டாப் கரண்ட்ல இருக்கணும் அண்ணா, பேட்டரியில ஓடினா மத்ததுக்குக் கொடுக்காது" என்று ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் டேப் வந்தது. கூடவே பெயரும் வந்தது, தாய் மெஷின்.

அன்றிலிருந்து அண்ணனைப் பொறுத்தவரை அப்டேட் என்பது என் லேப்டாப்புக்குள் ஊறும் தண்ணீர். அது இல்லாவிட்டால் அலுவலகமே வறண்டுவிடும். யார் முதலில் இறக்கினாலும் மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வேறு ஊரில் ஒரு பெரிய நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தபோதுதான் அந்த டேப்பின் பலம் தெரிந்தது. அண்ணன் போகாதே என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "தாராளமா போ. இந்த மாச அப்டேட் முடியட்டும்" என்றார். முடிந்தது. அடுத்த மாதமும் அதையே சொன்னார். அப்டேட் மாதாமாதம் வரும் சமாச்சாரம், அதற்கு முடிவே கிடையாது. கடைசியில் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் டேப்பைக் கிழித்தேன். லேப்டாப்பை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

"இந்த மாச அப்டேட் இன்னிக்கு வந்திருக்கு. என் லேப்டாப் இல்லாமலே ஓட்டிக் காட்டறேன். ஓடிச்சுன்னா நான் போறேன்" என்றேன்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "ஓடலன்னா?"

"இருக்கேன்."

வாய்தவறி வந்த வார்த்தை இல்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

கண்ணாடிக்காரர் மெஷினில் முதலில் இறக்கினோம். முழுக்க இணையத்திலிருந்து வந்தது, வரத்தான் வேண்டும். அடுத்து அண்ணனுடைய மெஷின். எது எங்கிருந்து வந்தது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தேன். பாதி இறங்கியது. நம் நெட்வொர்க்கிலிருந்து என்ற இடத்தில் சுழியம். எல்லாமே வெளியிலிருந்து.

"பாத்தியா?" என்றார் அண்ணன். சந்தோஷம்கூட இல்லை அந்தக் குரலில், நிம்மதிதான் இருந்தது. அது இன்னும் மோசம். "தாய் மெஷின் இல்லன்னா இதான் கதி. போனைப் போட்டு வரலன்னு சொல்லிடு."

வாசலில் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட, எழுந்து போனார். கண்ணாடிக்காரர் தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நல்ல மனிதர். நான் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அமைப்புகளைத் திறந்தேன். சுவிட்ச் ஆஃபில் இருந்தது. நானே ஆன் செய்த சுவிட்ச். அண்ணனுக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. தானாகவா அணைந்தது?

"நான்தான்."

மாடிப்படியின் கடைசிப் படியில் அண்ணி நின்றிருந்தார். இப்படி ஓட்டிக் காட்டப் போகிறேன் என்று நேற்று ராத்திரி அவரிடம் சொன்னதும், அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று போன மாதம் அவருக்குக் காட்டியதும் நானேதான், சும்மா கேட்கிறார் என்று நினைத்து.

"ஏன் அண்ணி?"

"நீ போயிட்டா உன் நாற்காலியில யாரை உக்கார வைப்பாரு? யோசிச்சியா நீ?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் பசங்க பாட்டு கத்துக்க வராங்க. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

யோசித்ததே இல்லை. மத்தியானங்களில் மேலிருந்து கேட்கும் அந்தக் குழந்தைகளின் அபஸ்வரத்தைக் கிண்டல் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். அண்ணியைக் காட்டிக்கொடுத்தால் நான் போகலாம், வீடு இரண்டுபடும். வாயை மூடிக்கொண்டால் நானும் டேப்போடு ஒட்டிக் கிடக்க வேண்டியதுதான்.

அண்ணி ஒன்றும் கெஞ்சவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கெஞ்சியிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ.

சுவிட்சை ஆன் செய்தேன். அண்ணன் உள்ளே வந்ததும், "இதுல மட்டும் ஒரு செட்டிங் ஆஃப் ஆயிருந்துது அண்ணா. பிரிண்ட் ரூம் மெஷின்ல பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

"எப்படி ஆஃப் ஆச்சு?"

"சில நேரம் ஆகும்."

அண்ணியை நான் பார்க்கவில்லை.

பிரிண்ட் ரூமில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். இறங்கத் தொடங்கியது. நம் நெட்வொர்க்கிலிருந்து என்ற எண் ஏற ஆரம்பித்தது. கொஞ்சம் வெளியிலிருந்து, மிச்சமெல்லாம் கண்ணாடிக்காரர் மெஷினிலிருந்தும் அண்ணன் மெஷினிலிருந்தும். என் லேப்டாப் பைக்குள் சும்மா இருந்தது.

"அட, நம்ம மெஷினும் தருதே" என்றார் கண்ணாடிக்காரர், பெருமையாக.

அண்ணன் குனிந்து, ஏறும் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். சொன்ன சொல் மாறாதவர், அதையும் சொல்லியாக வேண்டும்.

"சரி, போயிட்டு வா. ஆனா இதையெல்லாம் யாராவது பாத்துக்கணும்ல" என்றவர், திரும்பி அண்ணியிடம், "நீ மத்தியானம் சும்மாதானே இருக்க?" என்றார்.

அண்ணி பிரிண்டரில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். நானாவது சொல்லியிருக்கலாம். அவங்க சும்மா இல்ல அண்ணா, நாலே வார்த்தை. அதைச் சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் திங்கட்கிழமை போய்விடும். லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அண்ணன் பிரிண்ட் ரூமில் மண்டியிட்டு, அந்த மெஷினின் பிளக்கைச் சுவரோடு சேர்த்து டேப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் டேப் நேராக ஒட்டும். அண்ணி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது டெஸ்க்டாப் அண்ணா. அதுல பேட்டரியே கிடையாது. டேப் எதுக்கு?"

"இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

அண்ணி இன்னொரு கையால் கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டினார்.